பணி அனுபவப் பட்டியலில் மோதும் தேதிகளும் விடுபட்ட மாதங்களும்

இணையவழி வேலை விண்ணப்பத்தில் பணி அனுபவப் பகுதியை வரிவரியாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நிறுவனத்தின் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கும். பெயரையும் பதவியையும் பெரும்பாலோர் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். தேதிகளைத்தான் நினைவிலிருந்து எழுதுகிறார்கள். ஒரே ஒரு வேலை பார்த்தவருக்கு அதனால் பெரிய கேடில்லை. நான்கைந்து இடங்களில் வேலை பார்த்தவருக்கு ஒரு வரியின் முடிவு அடுத்த வரியின் தொடக்கத்தோடு மோதும், அல்லது இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் கணக்கில்லாமல் நிற்கும். சில படிவங்கள் மோதும் தேதியைச் சிவப்பு எழுத்தில் காட்டி அடுத்த பக்கத்துக்கு விடாது. பல படிவங்கள் எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது வகையில்தான் ஆபத்து அதிகம். வேலை உறுதியாகி, பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போதுதான் பிழை வெளியே வரும்.

சரிபார்ப்பவர் விண்ணப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்வதில்லை. பழைய நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் கேட்பார். ரிலீவிங் லெட்டரைப் பார்ப்பார். பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றையும் கேட்பார். ஊழியருக்கு 12 இலக்க யுஏஎன் எண் தரும் முறை 2014-இல் வந்த பிறகு, ஒருவர் பி.எஃப். பிடித்தம் செய்த எந்தெந்த நிறுவனங்களில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தார் என்பது ஒரே திரையில் வரிசையாகத் தெரிகிறது. ஆகவே படிவத்தில் எழுதும் ஒவ்வொரு தேதியும் வேறு ஏதாவது ஒரு தாளோடு ஒத்துப்பார்க்கப்படும் என்றே கொள்ள வேண்டும்.

அதனால் வேலை படிவத்தைத் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த நாள், கடைசியாக வேலை பார்த்த நாள் இரண்டையும் நாள், மாதம், ஆண்டு என முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும். சேர்ந்த நாளுக்கு ஆஃபர் லெட்டரை நம்பக்கூடாது. அதில் இருப்பது ‘இந்தத் தேதிக்குள் சேர வேண்டும்’ என்ற எதிர்பார்ப்புதான். நியமன ஆணையிலோ முதல் மாதப் பே ஸ்லிப்பிலோ உள்ள தேதியே சரியானது. விலகிய நாளில் குழப்பம் இன்னும் கூடுதல். ராஜினாமா கொடுத்த நாள், நோட்டீஸ் பீரியட் முடிந்த நாள், ரிலீவிங் லெட்டர் அச்சான நாள், கணக்கு முடித்துப் பணம் வந்த நாள் என்று நான்கு தேதிகள் இருக்கும். அவற்றில் நோட்டீஸ் முடிந்து பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட நாள் மட்டுமே படிவத்துக்கு உரியது. ரிலீவிங் லெட்டரின் மேல் மூலையில் இருக்கும் தேதி அல்ல, உள்ளே ‘இந்தத் தேதியன்று பணி நேரம் முடிந்ததும் விடுவிக்கப்படுகிறார்’ என்று எழுதியிருக்கும் தேதிதான் வேண்டும். இந்த இரண்டும் வாரக்கணக்கில் விலகியிருப்பது சாதாரணம். மேல் மூலையைப் பார்த்து எழுதியவருக்கு அடுத்த வேலையோடு தேதி மோதிவிடும்.

கோவையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 18.07.2016 அன்று சேர்ந்து 31.03.2018 வரை இருந்தார். பிறகு ஒரு நூற்பாலையில் 09.04.2018 அன்று கணக்கு உதவியாளர். 01.10.2019 முதல் அங்கேயே முதுநிலை உதவியாளர். 31.03.2021 அன்று விலகினார். ரிலீவிங் லெட்டர் 16.04.2021 தேதியிட்டு வந்தது. அதற்குள் 12.04.2021 அன்று ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்விட்டார். ஆனால் சம்பளம் கொடுத்தது ஆள் அனுப்பும் ஏஜென்சி. அந்த வேலை 30.06.2022 அன்று முடிந்தது. அப்பாவுக்கு உடல்நலம் குன்றியதால் வீட்டிலிருந்தார், கூடவே குரூப் 2 தேர்வுக்குப் படித்தார். 03.06.2023 முதல் 26.05.2024 வரை சனி, ஞாயிறு மட்டும் ஒரு கணினி மையத்தில் டேலி வகுப்பு எடுத்தார். 16.11.2023 முதல் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் முழுநேர வேலை, இன்றுவரை அங்கேதான். இப்போது அவர் நிரப்பும் விண்ணப்பத்தின் கடைசி நாள் 30.06.2025.

இவருடைய நூற்பாலை வேலையை ஒரு வரியாக எழுதுவதா, இரண்டாக எழுதுவதா என்பது படிவத்தைப் பொறுத்தது. பதவிவாரியாகக் கேட்டால் இரண்டு வரி. அப்போது முதல் வரி 30.09.2019 அன்று முடிய வேண்டும், இரண்டாவது 01.10.2019 அன்று தொடங்க வேண்டும். பதவி உயர்வு ஆணையில் உள்ள ஒரே தேதியை முதல் வரியின் முடிவாகவும் இரண்டாம் வரியின் தொடக்கமாகவும் போட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. படிவங்கள் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் வேலை நாளாகவே எண்ணுவதால், ஒரு நாள் மோதல் வந்துவிடுகிறது. பதவி உயர்வு முக்கியமில்லாத படிவத்தில் ஒரே வரியாக எழுதி, கடைசிப் பதவியைக் குறிப்பிட்டு, பழைய பதவியைப் பணி விவரத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்வதே நல்லது. வரிகள் குறையக் குறையப் பிழைக்கும் இடம் குறையும்.

பம்ப் தொழிற்சாலை வேலையில் வேறு வகையான மோதல் காத்திருக்கிறது. தினமும் போனது தொழிற்சாலைக்கு, பே ஸ்லிப்பில் இருப்பது ஏஜென்சியின் பெயர். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் ஒரே 14 மாதத்துக்கு இரண்டு முதலாளிகள் வந்துவிடுவார்கள், படிவம் அதை இரண்டு அனுபவமாகக் கூட்டும். தொழிற்சாலையின் பெயரை மட்டும் எழுதினாலும் சிக்கல்தான். சரிபார்ப்பவர் கேட்கும்போது அங்குள்ள ஹெச்.ஆர். ‘இப்படி ஒருவர் எங்கள் ஊழியராக இருந்ததில்லை’ என்று பதில் சொல்வார், அது உண்மையும்கூட. நிறுவனம் என்ற கட்டத்தில் சம்பளம் கொடுத்த ஏஜென்சியின் பெயரும், பணி விவரத்தில் வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயரும் வர வேண்டும்.

இவருடைய பி.எஃப். பணி வரலாற்றில் இன்னொரு முரண் இருக்கிறது என்று கொள்வோம். நூற்பாலை தாமதமாகப் பதிவு செய்ததால் அவர் விலகிய தேதி 30.04.2021 என்று ஏறியிருக்கிறது. ஏஜென்சி வேலையோ 12.04.2021 அன்றே தொடங்கிவிட்டது. அதாவது இவர் எதையும் தவறாக எழுதாமலேயே, அரசுப் பதிவில் 19 நாள் இரண்டு வேலை பார்த்தவராக நிற்கிறார். இந்த இடத்தில் படிவத்தைப் பி.எஃப். பதிவுக்கு ஏற்ப மாற்றிவிடத் தோன்றும். அது கூடாது. ரிலீவிங் லெட்டரில் உள்ள 31.03.2021-ஐத்தான் எழுத வேண்டும். பி.எஃப். பதிவைத் தனியே திருத்திக்கொள்ள வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை நிறுவனமும் ஊழியரும் சேர்ந்து உறுதிமொழி கொடுத்துத் திருத்தும் வழி வைப்பு நிதி இணையதளத்தில் இருக்கிறது, அதில் Joint Declaration என்ற பெயரில் வரும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியவே இல்லை என்றால், கடைசிப் பிடித்தத்துக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து ஊழியரே Mark Exit என்ற இடத்தில் பதியலாம். 2020 முதல் இந்த வசதி உண்டு. வேலை தேடத் தொடங்கும்போதே View என்பதன் கீழுள்ள Service History பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், சரிபார்ப்பின் நடுவில் பழைய நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஆடிட்டர் அலுவலக வேலை அந்தப் பக்கத்தில் வரவே வராது. 20 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பி.எஃப். கட்டாயமில்லை. பதிவில் இல்லை என்பதற்காக அந்த வரியை விட்டுவிட்டால், 2016 முதல் 2018 வரை பெரிய வெற்றிடம் உண்டாகும். ஆடிட்டரிடம் தேதியோடு ஒரு சான்றிதழும், சம்பளம் வங்கிக் கணக்கில் வந்திருந்தால் அந்த மாதங்களின் கணக்கு அறிக்கையும் போதுமான ஆதாரம்.

சனி ஞாயிறு டேலி வகுப்புத்தான் இந்தப் பட்டியலில் உண்மையான மோதல். 16.11.2023 முதல் 26.05.2024 வரை அவர் நிஜமாகவே இரண்டு வேலை பார்த்திருக்கிறார். தேதியை வெட்டி மோதலை மறைப்பது பொய்யாகும். வகுப்பு 15.11.2023 அன்றே முடிந்ததாக எழுதி, கணினி மையத்தின் சான்றிதழில் மே 2024 என்று இருந்தால், சரிபார்ப்பவர் கண்ணில் மோதலைவிட அந்த மறைப்புத்தான் பெரிதாகப் படும். வேலை வகை என்ற கட்டம் இருந்தால் Part-time என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் பதவியிலேயே பகுதிநேரம், வார இறுதி என்று சேர்த்து எழுத வேண்டும். இரட்டை வேலையை நிறுவனங்கள் கூர்ந்து பார்க்கும் காலம் இது. 2022-இல் விப்ரோ நிறுவனம், அதே நேரத்தில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகக் கண்டறிந்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தது. பகுதிநேரம் என்ற குறிப்பில்லாமல் இரண்டு வரிகள் ஒரே மாதங்களில் நின்றால் முதலில் எழும் சந்தேகம் அதுதான். திருப்பூர் நிறுவனத்தில் வேறு வேலைக்கு அனுமதி வாங்கியிருந்தால் அதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அனுபவத்தைக் கூட்டும்போது இந்த மோதல் எண்ணிக்கையையே மாற்றும். இவருடைய முழுநேர வேலைகள் முறையே 1 ஆண்டு 8 மாதம் 14 நாள், 2 ஆண்டு 11 மாதம் 23 நாள், 1 ஆண்டு 2 மாதம் 19 நாள், கடைசித் தேதிவரை 1 ஆண்டு 7 மாதம் 15 நாள். 30 நாளை ஒரு மாதமாகக் கொண்டு கூட்டினால் 7 ஆண்டு 6 மாதம் 11 நாள். டேலி வகுப்பின் 11 மாதம் 24 நாளையும் அப்படியே சேர்த்தால் எட்டரை ஆண்டு ஆகிவிடும். சில படிவங்கள் வரிகளைத் தாமே கூட்டி அந்த எட்டரையைக் காட்டும். அறிவிப்பில் குறைந்தது 8 ஆண்டு முழுநேர அனுபவம் கேட்டிருந்தால், இவர் தகுதியுள்ளவராகத் திரையில் தெரிவார், சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்படுவார். மொத்த அனுபவத்தைத் தானே எழுதச் சொல்லும் கட்டத்தில், ஒரே காலத்தில் நடந்த வேலைகளை ஒருமுறை மட்டும் எண்ணி, முழுநேரத்தையே எழுத வேண்டும்.

அடுத்தது இடைவெளி. ஆடிட்டர் அலுவலகத்துக்கும் நூற்பாலைக்கும் நடுவே 8 நாள், நூற்பாலைக்கும் ஏஜென்சிக்கும் நடுவே 11 நாள். இவற்றுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை, எழுதவும் தேவையில்லை. எத்தனை நாளுக்கு மேல் போனால் இடைவெளி என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் விமான நிலையப் பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர், கடந்த 5 ஆண்டில் 28 நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இடைவெளிக்கும் ஆதாரத்தோடு கணக்குச் சொல்ல வேண்டும். எந்த அளவும் சொல்லப்படாத இடத்தில், ஒரு மாதத்தைத் தாண்டிய எதையும் விளக்கிவிடுவது நல்ல வழக்கம்.

விளக்க வேண்டிய இடைவெளி இவருக்கு ஒன்றுதான். முழுநேர வேலையில்லாத காலம் 01.07.2022 முதல் 15.11.2023 வரை. அதில் ஜூன் 2023-க்குப் பிறகு வகுப்பு எடுத்ததால், ஒன்றுமே இல்லாத காலம் 01.07.2022 முதல் 02.06.2023 வரை, அதாவது 11 மாதம் 2 நாள். டேலி வகுப்பை அற்ப வேலை என்று பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தால் இந்த வெற்றிடம் பதினாறரை மாதமாக விரிந்திருக்கும். விளக்கத்தில் காலமும் காரணமும் இருந்தால் போதும். நோயின் பெயரும் குடும்பக் கதையும் வேண்டாம். ஆங்கிலப் படிவத்தில் அது இப்படி இருக்கலாம்:

```
Jul 2022 - May 2023: Career break to care for a parent;
also prepared for TNPSC Group II.
```

இதை எங்கே எழுதுவது என்பதற்குப் படிவமே பெரும்பாலும் விடை வைத்திருக்கும். இடைவெளிக்கென்று தனிக் கட்டம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் கூடுதல் தகவல் என்ற கட்டத்தில், அதுவும் இல்லையென்றால் அதற்கு அடுத்து வந்த வேலையின் பணி விவரத்தின் முதல் வாக்கியமாக. நிறுவனம் என்ற கட்டத்தில் Career Break என்று எழுதித் தனி வரி சேர்ப்பதற்கு அறிவுறுத்தலில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அனுபவத்தைத் தானே கூட்டும் படிவத்தில் அந்த வரி 11 மாத வேலையாக எண்ணப்பட்டுவிடும். சொந்தக்காரர் கடையின் பெயரைப் போட்டு மாதங்களை நிரப்புவதும், முந்தைய வேலையை இரண்டு மாதம் நீட்டி எழுதுவதும் ஊரில் தாராளமாகச் சொல்லப்படும் யோசனைகள். இடைவெளிக்காக வேலை கிடைக்காமல் போகலாம். பொய்யான வரிக்காகக் கிடைத்த வேலையே போய்விடும்.

தேதிகள் சரியாக இருந்தும் படிவத்தின் அமைப்பால் வரும் பிழைகள் உண்டு. அவற்றில் மோசமானது மாதமும் நாளும் இடம் மாறுவது. அமெரிக்க நிறுவனங்களின் படிவம் MM/DD/YYYY என்று கேட்கும். இவர் வழக்கப்படி 31/03/2021 என்று அடித்தால், 31-ஆம் மாதம் கிடையாது என்பதால் படிவம் மறுத்துவிடும், உடனே தெரிந்துவிடும். ஆனால் 12/04/2021 என்று அடித்தால் படிவம் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டு அதை 2021 டிசம்பர் 4 என்று எழுதிவைக்கும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை எட்டு மாத வெற்றிடம் அங்கே முளைத்துவிடும். 09/04/2018 அதேபோல செப்டம்பர் 4 ஆகிவிடும். நாள் 12 அல்லது அதற்குக் குறைவாக உள்ள தேதிகள் மட்டுமே இப்படிச் சத்தமில்லாமல் மாறும் என்பதால், அவற்றை அடிக்காமல் காலண்டர் படத்தைச் சொடுக்கித் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

மாதமும் ஆண்டும் மட்டும் கேட்கும் படிவங்களில் சிக்கல் வேறு. ஒருவர் ஒரு வேலையிலிருந்து ஜூன் 12 அன்று விலகி, அடுத்ததில் ஜூன் 21 அன்று சேர்ந்தால், முதல் வரியின் முடிவும் இரண்டாம் வரியின் தொடக்கமும் ஒரே 06/2021 ஆகத்தான் வரும். இது பிழையல்ல, பெரும்பாலான படிவங்கள் ஏற்கும். ஏற்காத படிவத்தில், அனுபவம் கூடாமல் குறையும்படி மட்டும் ஒரு பக்கத்தை நகர்த்த வேண்டும். அதாவது முதல் வேலையின் முடிவை 05/2021 என்று போட்டு, உண்மையான தேதிகளைப் பணி விவரத்தில் எழுதிவிட வேண்டும். இதே அமைப்பு இடைவெளியை மறைக்கவும் செய்யும். மார்ச் 2 அன்று விலகி மே 28 அன்று சேர்ந்தவருக்கு நடுவே 86 நாள் இருக்கிறது, திரையிலோ ஏப்ரல் மாதம் மட்டுமே காலியாகத் தெரியும். சரிபார்ப்பவர் கையில் முழுத் தேதிகள் இருப்பதால் இதையும் விளக்கிவிடுவதே சரி.

ரெஸ்யூமேயைப் பதிவேற்றினால் வரிகளைத் தானே நிரப்பும் வசதியை நம்புபவர்கள் ஒவ்வொரு வரியையும் மீண்டும் பார்க்க வேண்டும். பதவி உயர்வை அது தனி நிறுவனமாக்கும், நாள் இல்லாத இடத்தில் மாதத்தின் முதல் நாளைப் போடும், முடிந்துபோன பகுதிநேர வேலையை நடப்பு வேலையாக விட்டுவிடும். I currently work here என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டியது இவருக்குத் திருப்பூர் வேலையில் மட்டும்தான். நடப்பு வேலைக்கும் முடிவுத் தேதி கட்டாயம் கேட்கும் படிவத்தில் விண்ணப்பிக்கும் நாளையோ, அனுபவத்தைக் கணக்கிட அறிவிப்பில் சொன்ன தேதியையோ எழுதலாம். நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் இனி வரப்போகும் தேதியை எழுதக்கூடாது.

எல்லா வரிகளும் ஏறிய பிறகு மோதலைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. வரிகளைச் சேர்ந்த தேதியின்படி பழையதிலிருந்து புதியதாக அடுக்கி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் அதற்கு முந்தைய எல்லா வரிகளிலும் மிகப் பிந்திய முடிவுத் தேதியோடு ஒப்பிட வேண்டும். பக்கத்து வரியோடு மட்டும் ஒப்பிட்டால், நீண்டகாலம் நடந்த பகுதிநேர வேலை ஒன்று இரண்டு மூன்று வரிகளைத் தாண்டி மோதுவது கண்ணில் படாது. தொடக்கம் அந்த முடிவுக்கு முன்போ அதே நாளிலோ இருந்தால் மோதல். ஒரு மாதத்துக்கு மேல் பிந்தியிருந்தால் விளக்க வேண்டிய இடைவெளி. படிவம் பெரும்பாலும் புதிய வேலையை மேலே வைத்துக் காட்டும் என்பதால், இந்தச் சோதனையைத் தாளில் செய்வதே எளிது.

இறுதிப் பொத்தானை அழுத்துமுன் முன்னோட்டப் பக்கத்தில் மாதங்கள் எழுத்தில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். 04 என்பது Apr என்று மாறி நிற்கும்போதுதான் இடம் மாறிய தேதி பிடிபடும். அந்தப் பக்கத்தைப் பிடிஎஃபாகச் சேமித்து, ரெஸ்யூமேயிலும் நௌக்ரி, லிங்க்ட்இன் கணக்குகளிலும் உள்ள தேதிகளை அதற்கேற்பத் திருத்திவிடலாம். அனுப்பிய பிறகு பிழை தெரியவந்தால், அரசுத் தேர்வுகளில் திருத்த அவகாசம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியார் நிறுவனமென்றால் ஆளெடுக்கும் அலுவலருக்கு, எந்த வரியில் எந்தத் தேதி எதுவாக மாற வேண்டும் என்று ஆதாரத்தோடு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். சரிபார்ப்புப் படிவம் தனியாக வரும்போது அதில் சரியான தேதியை எழுதி, விண்ணப்பத்தில் இருந்த பிழையையும் அங்கேயே குறிப்பிட வேண்டும்.